தின்று தீராத எண்ணெய்

என் அண்ணனுக்கு நெஞ்சு எக்ஸ்ரே படத்தில் நிழல் விழுந்திருக்கிறது என்று அண்ணி ஓடிவந்து சொன்ன காலையில், நான் யாரோ ஒருவருடைய சிறுநீரைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி. மலேசியாவில், ஈப்போ பெரியாஸ்பத்திரி லேப்பில் எனக்கு வேலை. சூடாக்கினால் கலங்குகிறதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. அண்ணி சொன்னதைக் கேட்டுக் கலங்கியது நான். கையிலிருந்த குழாய் கொதித்துப் பொங்கி மேசையெல்லாம் வழிந்தது.

"டீபியா இருக்கும்னு டாக்டர் சொல்றாரு" என்றாள் அண்ணி. லேப் வாசலைத் தாண்டி உள்ளே வர அவளுக்குப் பயம். அங்கே நின்றால் இருக்கிற சீக்கெல்லாம் தொற்றிக்கொள்ளும் என்பது அவள் நம்பிக்கை.

அண்ணன் ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் நடுவே பஸ் ஓட்டினான். அதற்கு முன்னால் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினான். எங்கள் அப்பா செத்தபோது அவன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கத்தியை எடுத்தான், நான் புத்தகத்தை எடுத்தேன். இதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முப்பது வயதுக்குள் அவனுக்குத் தலை முழுக்க வழுக்கை விழுந்துவிட்டது. பஸ்ஸில் ஏறுகிற சீனக் கிழவிகள் அவனை 'பொட்டாக்' என்று கூப்பிட்டார்கள். மலாயில் மொட்டை என்று அர்த்தம். அவனும் சிரித்துக்கொண்டே கண்டக்டரிடம் டிக்கெட் கிழிக்கச் சொல்வான்.

இருமல் அவனுக்கு ரொம்ப நாளாக இருந்தது. ஓயாத வறட்டு இருமல். சாயங்காலத்தில் உடம்பு லேசாகச் சுடும். சட்டை தொளதொளத்துப் போனது. பஸ் கம்பெனியில் வருஷாவருஷம் எடுக்கிற படத்தில்தான் நிழல் தெரிந்தது.

சளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எங்கள் லேப்பில் ஒரு வழக்கம் உண்டு, சொந்தக்காரர் சாம்பிளை நாம் பார்க்கக்கூடாது. பயத்தில் இல்லாததைப் பார்ப்போம், ஆசையில் இருப்பதை விட்டுவிடுவோம். அதனால் பக்கத்து மேசையிலிருந்த மலாய்க்காரர் பார்த்தார். டீபிக் கிருமி சிவப்புச் சாயத்தைப் பிடித்துக்கொண்டால் அமிலம் ஊற்றினாலும் விடாது, நீலப் பின்னணியில் சின்னச் சிவப்புக் குச்சியாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து "தாடா" என்பார். இல்லை. எனக்கு மூச்சு வரும். அடுத்த சளி வரும்வரைதான் அந்த மூச்சு.

கிருமி தெரியாவிட்டாலும் டீபி இருக்கலாம். நெஞ்சு டாக்டர் மருந்தைத் தொடங்கிவிட்டார். தினமும் கிளினிக்கில் ஊசி, வீட்டில் கைநிறைய மாத்திரை. அன்றிலிருந்து, ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் அண்ணன் வீடு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் அவன். மறுபக்கம் அண்ணியும் அவர்களுடைய ஒரே மகளும். குழந்தைக்கு அப்போது நாலு வயது. அண்ணனுக்குத் தனி மங்குக் கிண்ணம், தனித் தட்டு, தனி டம்ளர். அண்ணி சோறு போட்டுத் தட்டைத் தரையில் வைத்து, விரல் நுனியால் அவன் பக்கம் தள்ளிவிடுவாள். அவன் இழுத்துக்கொள்வான்.

"ஏன் அண்ணி, நாய்க்குப் போடுற மாதிரி?" என்று ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஒங்களுக்கென்ன, நீங்க பேசுவீங்க. புள்ளய யாரு பாக்குறது? எங்க தோட்டத்துல டீபி வந்த வூட்ல ஒன்னு பின்னால ஒன்னா போச்சு. நான் பாத்தவ."

அவள் சொன்னதில் தப்பில்லை. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். தட்டைத் தள்ளிவிட்டுச் சமையலறைக்குள் போய் மாதா படத்துக்கு முன்னால் அழுகிறவளிடம் என்ன சண்டை போடுவது?

குழந்தைக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் பஸ் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளை. "அப்பாக்கிட்ட போகாத, சீக்கு வரும்" என்று முதலில் கையைப் பிடித்து இழுத்தார்கள். அப்புறம் அதட்டினார்கள். ஒருதடவை அண்ணனே அவளை அதட்டி விரட்டினான். விரட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

மாதங்கள் போயின. மருந்து போனது, நிழல் போகவில்லை. காதுக்குள் வண்டு ரீங்காரம் இடுகிறது என்று அண்ணன் சொன்னதால் ஊசியை நிறுத்தினார்கள். நெஞ்சு டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் மாட்டிவைத்து நெற்றியைத் தேய்த்தார். நானும் பக்கத்தில் நின்றேன். டீபி பெரும்பாலும் நுரையீரலின் மேல்பக்கத்தில் இடம் பிடிக்கும். இது வலதுபக்கம் அடியில், கீழே உட்கார்ந்திருந்தது. ஓரம் ஒழுங்கில்லாமல் கரடுமுரடாக இருந்தது. அவர் அண்ணனிடம் மலாயில் கேட்டார், வேறு ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறாயா என்று. "தாடா டாக்டர், நீங்க குடுக்கிறது மட்டும்தான்" என்றான் அண்ணன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். கட்டியாக இருக்கலாம், கெட்ட கட்டி. கோலாலம்பூருக்கு அனுப்பி நுரையீரலின் கீழ்ப்பாகத்தை எடுத்துவிடுவது நல்லது என்றார்.

அண்ணனிடம் பாதிதான் சொன்னேன். மீதியை அவன் என் முகத்தில் படித்துக்கொண்டான்.

"அறுத்தா பஸ் ஓட்ட முடியுமா?"

"ஓட்டலாம்ணே."

"பொய் சொல்லாத லா. ஒனக்குப் பொய் வராது, மூக்கு விடைக்கும்."

ஆப்பரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். வழக்கத்தை மீறி நான் அந்த ஸ்லைடைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெள்ளணுக்களை வகைவகையாகப் பிரித்து எண்ணுவது என் தினசரி வேலை. அவற்றில் பெரிதாக, சாம்பல் கலந்த நீல உடம்போடு, அவரைவிதை மாதிரி மடங்கிய உட்கருவோடு இருப்பது மோனோசைட். சாதாரண ரத்தத்தில் நூறுக்கு ஒருசில தென்படும். அண்ணன் ரத்தத்தில் அது அடிக்கடி வந்தது. ஸ்லைடை நகர்த்த நகர்த்த இன்னொன்று, அதோ இன்னொன்று. டீபியிலும் ஏறும், சில ரத்தப் புற்றிலும் ஏறும் என்று பரீட்சைக்குப் படித்தது மட்டும் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. மற்றதெல்லாம் மறந்துபோனது. படித்தவர்களுக்குப் பயம் இரட்டிப்பு, பயத்துக்குப் பெயர் தெரியும் என்பதால்.

எங்கள் நோய்க்குறியியல் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. குள்ளம், வாயில் எப்போதும் உப்பும் புளிப்புமாக ஊறிய அசாம் பழம். ஸ்லைடை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். யாருடையது என்று மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் திட்டினார். திட்டிவிட்டுப் பார்த்தார்.

"இது புற்று இல்லை. எல்லாம் வளர்ந்த, ஒழுங்கான செல்கள். எண்ணிக்கைதான் கொஞ்சம் கூட" என்றார். "மோனோசைட் ஏறினால் எங்கேயோ ரொம்ப நாளாகச் சண்டை நடக்கிறது என்று அர்த்தம். யாரோடு சண்டை என்று அது சொல்லாது."

பிறகு நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு, புத்தகத்தில் நான் அவசரமாகத் தாண்டிப்போன பக்கத்தை நிதானமாகச் சொன்னார். மோனோசைட் எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது. ரத்தத்தில் அது வெறும் வழிப்போக்கன்தான், ஒன்றிரண்டு நாள் சுற்றும். அப்புறம் ரத்தக்குழாய்ச் சுவரில் நுழைந்து சதைக்குள் போய்விடும். அங்கே உடம்பு பெருத்து, பெயர் மாறி, மாக்ரோஃபேஜ் ஆகிவிடும். பெருந்தீனி தின்னும் செல் என்று பொருள். கிருமி, தூசி, செத்த செல் என்று வருவதையெல்லாம் விழுங்கிச் செரித்துச் சுத்தம் செய்வது அதன் வேலை. நுரையீரலின் காற்றுப்பைகளுக்குள்ளும் அவை இருக்கின்றன. நாம் இழுக்கிற புழுதியைத் தின்பவை அவைதான்.

"செரிக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. செரிக்க முடியாததைத் தின்றுவிட்டால்தான் வம்பு. தின்ற செல் நிறைந்த வயிற்றோடு செத்துப்போகும். உள்ளே இருந்தது கொட்டும். இன்னொன்று வந்து அதைத் தின்னும். சாவதற்கு முன்னால் ஆள் அனுப்பு, ஆள் அனுப்பு என்று ரசாயனத்தால் கூப்பாடு போடும். மஜ்ஜை இன்னும் மோனோசைட்டை அனுப்பும். கூடவே தழும்பு போடுகிற செல்களும் வந்து சேரும். இதுதான் நாள்பட்ட அழற்சி."

எங்கள் வீட்டுச் சாவுக்கு உதவி செய்ய வந்த சொந்தக்காரர்கள் ஞாபகம் எனக்கு வந்தது. வேலை முடியவில்லை என்று ஊருக்குப் போகாமல் இருந்து, இன்னும் நாலு பேருக்குச் சொல்லியனுப்பி, கடைசியில் வந்தவர்களாலேயே வீடு குடிமுழுகிப் போனது. அதைச் சொன்னேன். டாக்டர் பழக்கொட்டையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனுடைய செல்கள் எதைத் தின்றன என்பதுதான் என் கேள்வி.

"சளி ஸ்லைடைக் கொண்டு வா" என்றார்.

பழைய ஸ்லைடுகளை எடுத்துவந்தேன். எல்லோரும் அதில் சிவப்புக் குச்சியைத் தேடினோமே தவிர மற்றதைப் பார்க்கவில்லை. அவர் மற்றதைப் பார்த்தார். மாக்ரோஃபேஜ்கள் நிறைய இருந்தன. சளியில் அவை இருப்பது வழக்கம்தான். ஆனால் இவற்றின் உடம்பு முழுக்க ஓட்டை. வெட்டுமரத்தைக் கரையான் தின்ற மாதிரி, உள்ளே உருண்டை உருண்டையாக வெறுமை.

"இந்த ஓட்டைகளில் ஏதோ இருந்தது. நாம் சூடு காட்டி, அமிலமும் சாராயமும் ஊற்றியதில் கரைந்து போய்விட்டது. கொழுப்புதான் அப்படிக் கரையும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் அண்ணன் எண்ணெய் ஏதும் குடிக்கிறானா? மூக்கில் விடுகிறானா? போய்க் கேள்."

அன்று சாயங்காலமே புந்தோங்குக்குப் பஸ் ஏறினேன். கோலாலம்பூருக்கு அவனை அனுப்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் வாசலில் மரப்பெட்டிமேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லு. மூக்குக்கு மருந்து ஏதும் விடுறியா?"

"மருந்தா? இல்லியே."

"வயித்துக்கு, மலச்சிக்கலுக்கு, குடிக்கிற மருந்து?"

"எனக்கு ஏது மலச்சிக்கல்? ஒங்க டாக்டர் குடுக்கிற மாத்திரைக்கு வெளிய போயே சாகுறேன்."

அவ்வளவுதான். வந்த வழியே நம்பிக்கை போய்விட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். அப்படியே கொல்லைப்பக்கம் போனேன். அண்ணி மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொதிக்கவைத்து அவனுடைய துணிகளைத் தனியாக அவித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் புலம்பல் ஆரம்பித்தது.

"சட்ட துணிகூடப் பரவால்ல. இந்தத் தலகாணி ஒறயப் பாருங்க. எத்தன சோப்புப் போட்டாலும் எண்ணெப் பிசுக்கு போவ மாட்டேங்குது. சூசா லா."

சூசா என்றால் தொல்லை. எங்கள் ஊரில் எல்லாத் தொல்லைக்கும் அந்த ஒரு வார்த்தைதான். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். ரெண்டு எட்டு வைத்தபிறகுதான் உறைத்தது.

"அண்ணி, அவனுக்குத்தான் தலையில ஒரு முடி இல்லியே. தலகாணியில எண்ணெ எப்படி?"

"மூக்குக்கு விடுறாருல்ல, அது வழிஞ்சு."

அவள் துணியைக் கிளறிக்கொண்டிருந்த குச்சியை வாங்கி உறையைத் தூக்கி முகர்ந்தேன். கொதித்த பிறகும் கற்பூர வாடை. உறையோடு வாசலுக்கு ஓடினேன். அண்ணன் என்னையும் உறையையும் மாறிமாறிப் பார்த்தான்.

"மூக்குக்கு ஒன்னும் விடலன்னு சொன்னியே!"

"நீ மருந்துன்னுதான கேட்ட? இது எண்ணெ."

அந்த இடத்தில் அவனை அறைந்திருப்பேன். கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். ரெண்டும் செய்யாமல் நின்றேன். அவன் சொன்னதும் சரிதான். எங்கள் தோட்டத்தில் மருந்து என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் கொடுப்பது, கசக்கும், காய்ச்சலுக்குக் கொடுப்பார். எண்ணெய் என்பது எண்ணெய். தலைக்கு வைப்பது, காதுக்கு விடுவது, மூக்குக்கு விடுவது. அதைப் போய் யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? டாக்டர் 'உபாட்' என்று மலாயில் கேட்டார், நான் மருந்து என்று தமிழில் கேட்டேன். ரெண்டு கேள்விக்கும் அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. சின்ன வயதில் பள்ளி லீவு நாட்களில் அப்பாவுக்குத் துணையாகப் புகைக்கூடத்தில் கித்தாத் தாள், அதாவது ரப்பர் தாள், காயவைக்கப் போன காலத்தில் மூக்கு காய்ந்து ரத்தம் வரும் என்று அப்பா அவனுக்கு நல்லெண்ணெய் விட்டுப் பழக்கியிருக்கிறார். டவுனுக்கு வந்து பஸ் ஓட்ட ஆரம்பித்ததும் சுண்ணாம்புமலைப் புழுதி. மருந்துக்கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, நல்லெண்ணெயை விட இது குளுகுளுவென்று இருக்கும் என்று ஒரு பாட்டிலைக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து படுக்கப் போகும்போது மல்லாந்து படுத்து ரெண்டு மூக்கிலும் விட்டுக்கொண்டு, அப்படியே தூங்கிவிடுவான். எத்தனை வருஷமாக என்றால், மகள் பிறப்பதற்கு முன்னாலிருந்து. இருமல் வந்தபிறகு இன்னும் கூடுதலாக விட்டிருக்கிறான், நெஞ்சுக்கு இதமாக இருக்குமே என்று.

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். தண்ணீர் மாதிரித் தெளிவான எண்ணெய். ஓரத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது: லிக்விட் பாரஃபின், மெந்தால், கற்பூரம். லிக்விட் பாரஃபின் என்பது செடியிலிருந்து வருவதல்ல. மண்ணெண்ணெய்க்கும் தாருக்கும் பங்காளி, பூமிக்கடியிலிருந்து எடுப்பது. உடம்பில் எந்தச் செல்லுக்கும் அதைச் செரிக்கத் தெரியாது.

"மூக்குல விட்டது மூக்குலதான இருக்கும்?" என்றான் அண்ணன். "மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறியே."

"ஒன் மொட்டத் தலையாலதான் முடிச்சே அவுந்துச்சு. தண்ணி உள்ள போனா பொரை ஏறும், இருமித் துப்பிடுவ. எண்ணெ சத்தமே இல்லாம வழுக்கிட்டு எறங்கும். நீ படுத்துத் தூங்குற, அது அடியில போய்த் தேங்குது."

அவன் பாட்டிலைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் முழுசாக வரவில்லை.

மறுநாள் காலை அவன் எழுந்ததும் துப்பிய சளியை நானே கொண்டுபோனேன். இந்த முறை சூடு இல்லை, அமிலம் இல்லை. பச்சையாக ஒரு துளி. கொழுப்பை மட்டும் பிடிக்கிற ஆரஞ்சுச் சிவப்புச் சாயம் ஒன்று எங்களிடம் இருந்தது, மலத்தில் கொழுப்புப் பார்க்க வாங்கி வைத்தது. அதில் ஒரு சொட்டு விட்டுக் கண்ணாடித் தகட்டை மூடி, டாக்டரே முதலில் பார்த்தார். எழுந்து எனக்கு இடம் விட்டார்.

மாக்ரோஃபேஜ்கள் இருந்தன. நேற்று ஓட்டையாகத் தெரிந்த இடமெல்லாம் இன்று சிவந்த உருண்டைகள். சின்னதும் பெரியதுமாக, தின்ன முடியாமல் தின்று, உட்கருவை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, வீங்கிக் கிடந்தன. என் அண்ணனைக் காப்பாற்றத்தான் அவை அங்கே போயிருக்கின்றன. அவற்றைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"இது மட்டும் போதாது" என்றார் டாக்டர். "வேறு காரணத்தாலும் இப்படிக் கொழுப்பு சேரும். கட்டி அடைத்த இடத்தின் பின்னால்கூடச் சேரும். ஆனால் எண்ணெய்ப் பாட்டில் இருக்கிறது, நிழல் அடியில் இருக்கிறது, கிருமி இல்லை. நான் நெஞ்சு டாக்டரிடம் பேசுகிறேன்."

அவர்கள் பேசினார்கள். நெஞ்சு டாக்டருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நான் எண்ணெய் என்று கேட்டிருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். ஆப்பரேஷனைத் தள்ளிவைத்தார். எண்ணெயை நிறுத்து, சில மாதம் கழித்துப் படம் எடுப்போம். நிழல் பெரிதானால் உடனே அறுத்தாக வேண்டும் என்றார்.

எனக்கு உண்மையான பயம் அப்போதுதான் பிடித்தது. அதுவரை டாக்டர்கள் சொன்னதற்குத் தலையாட்டினேன். இப்போது நான் ஒரு தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு ஓடி அறுவைக்கத்தியை நிறுத்திவிட்டேன். அது கட்டியாக இருந்தால்? நான் தள்ளிப்போட்ட மாதங்களில் அது வளர்ந்தால்? அண்ணி ஒருநாள் கேட்டேவிட்டாள், "நிச்சயமா தெரியுமா ஒங்களுக்கு?" தெரியாது என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? மருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார்களே தவிர, அண்ணி தனித் தட்டை நிறுத்தவில்லை. படம் வரட்டும் என்றாள். அவள் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் நியாயம். அந்த மாதங்களில் நான் கோயிலில் முட்டி போட்டதெல்லாம் மாதாவைக் கும்பிட அல்ல, அவரிடம் பேரம் பேச. நிழல் சுருங்கினால் நாவை அடக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். சுருங்கியபிறகு அடக்கவில்லை, அது வேறு கதை.

அண்ணன் எண்ணெயைத் தொடவில்லை. மூக்கு காய்ந்து எரிகிறது என்பான். உப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்துக்கொள் என்று சொல்வேன். இருமல் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. இருமல் குறைந்ததா, என் காது குறைத்துக் கேட்கிறதா என்று எனக்கே சந்தேகம்.

படம் எடுத்த அன்று நெஞ்சு டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நிழல் போகவில்லை, சிறுத்திருந்தது. ஓரங்கள் உள்வாங்கி, நடுவில் மட்டும் பிடிவாதமாக ஒரு திட்டு. "தழும்பு. அது போகாது. உள்ளே மிச்சமிருக்கிற எண்ணெயும் லேசில் போகாது, அந்தச் செல்கள் ஒன்று மாற்றி ஒன்று அதைச் சுமந்துகொண்டே இருக்கும். ஆனால் இது கட்டி இல்லை. டீபியும் இல்லை" என்றார். அண்ணன் தன் மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டு, பஸ் ஓட்டலாமா என்று கேட்டான். ஓட்டு என்றார்.

புந்தோங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். அண்ணி படத்தைப் பார்த்தாள். அதில் என்ன தெரிந்ததோ, கையெடுத்துக் கும்பிட்டாள். உள்ளே போய், வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற தட்டில் சோறு போட்டு, தரையில் வைக்காமல், அவன் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் விரல் அவன் விரலில் பட்டது. ரெண்டு பேரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

அண்ணன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டான். "வாடா தங்கம். அப்பாகூடச் சாப்பிட வா."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் அண்ணி சுட்ட முறுக்கு. "அப்பாவுக்குச் சீக்கு. கிட்டப் போனா எனக்கும் வரும்" என்று, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"சீக்கு போயிருச்சும்மா."

"போலாம்டி, அப்பாக்கிட்ட போ" என்றாள் அண்ணி. அதட்டி அதட்டிப் பழக்கியதை அவளால் அழுது மாற்ற முடியவில்லை. குழந்தை அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யார் சொல்வதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் இரண்டடி முன்னால் வந்தாள். அங்கேயே குந்தி உட்கார்ந்து, கையிலிருந்த முறுக்கைத் தரையில் வைத்து, விரல் நுனியால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அண்ணன் மடியிலிருந்த தட்டை ஓரமாக வைத்தான். பிறகு குனிந்து முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "நல்லா இருக்கும்மா" என்றான். அவள் மறுபடி கதவோரம் போய் நின்றுகொண்டு, அவன் மென்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.